அரிசிப் பக்கங்களை ஏன் மாற்றி எழுதுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் வாட்ஸப்பில் சுற்றிய அந்தப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நம் இணையக் கடையின் மூன்று பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள்: மாப்பிள்ளை சம்பா, காட்டுயானம், பூங்கார். மூன்றிலும் ஒரே வாசகம். "பாரம்பரிய அரிசி, நார்ச்சத்து நிறைந்தது, குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை ஏற்றது." கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "ஒரே மூட்டையை மூன்று பெயரில் விற்கிறார்கள் போல."

வாசகம் ஒன்றாக இருந்தது உண்மை. ஆனால் மூட்டை ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூங்கார் ஏறக்குறைய மூன்று மாதப் பயிர். காட்டுயானம் ஆறு மாதம் வரை நிற்கும், ஆளுயரம் தாண்டி வளரும். மாப்பிள்ளை சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் எடுக்கும். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் அறுவடையாகி, வெவ்வேறு ஆட்களிடமிருந்து, வெவ்வேறு சாக்கில் வருகின்றன. உமி நீக்கிய பிறகு மூன்றும் சிவப்பாக இருப்பதால் போட்டோவில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகத்தான் பக்கத்தில் எழுத்து இருக்க வேண்டும். அந்த எழுத்தும் ஒன்றாக இருந்தால் வாங்குகிறவர் வேறு எதை வைத்து நம்புவார்?

அந்த வாசகம் நாங்கள் உட்கார்ந்து எழுதியதும் அல்ல. கடை தொடங்கியபோது மொத்த வியாபாரி அனுப்பிய பட்டியலில் இருந்தது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் போட்டு இழுத்தால் கீழே எல்லாக் கட்டத்திலும் இறங்கிவிடும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதே வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் இன்னும் பல கடைகள் வந்து நிற்கும். அதனால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பக்கங்கள் ஒன்றுபோலவே இருந்தால் கூகுள் தண்டனை எதுவும் தராது. ஆனால் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தேடலில் காட்டாமல் விட்டுவிடலாம். நம் கடையின் கூகுள் கணக்கில் `Duplicate without user-selected canonical`, அதாவது எது மூலப் பக்கம் என்று நாம் குறிக்காத நகல்கள், என்ற தலைப்பின் கீழ் நம் பக்கங்களே வரிசையாக நின்றன. ஒரு கிலோ, ஐந்து கிலோ, இருபத்தைந்து கிலோ என்று எடைக்கு ஒரு பக்கம் வைத்திருந்ததும் இதற்குக் காரணம். இப்போது ஓர் அரிசிக்கு ஒரே பக்கம், எடையை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருந்தால் அது தானாகப் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோகும்.

சரி, என்ன எழுதுவது? முதலில் வந்த யோசனை, இருக்கிற வாசகத்தையே வார்த்தை மாற்றி எழுதுவது. "சத்து நிறைந்தது" ஓரிடத்தில், "ஊட்டம் மிகுந்தது" இன்னோரிடத்தில். எழுதிப் பார்த்ததும் நிறுத்திவிட்டோம். ஏனென்றால் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் அது எந்த அரிசி என்று அப்போதும் தெரியவில்லை. இப்போது எங்களுக்கு இதுதான் சோதனை. கடையில் மூட்டை தூக்குகிற தம்பியிடம் பெயர் இல்லாத பக்கத்தைக் கொடுப்போம். எந்த அரிசி என்று அவர் சொல்லிவிட்டால் பக்கம் ஏறும், இல்லையென்றால் திரும்ப எழுத வேண்டும்.

எழுதுவதற்கான விஷயம் உங்களிடமிருந்தே வந்தது. போனில் நீங்கள் கேட்கிற கேள்விகளைக் குறித்து வைத்திருந்தோம். கருப்பு கவுனிக்கு வருவது பெரும்பாலும் ஒரே புகார்: "எத்தனை விசில் விட்டாலும் வேகவே மாட்டேங்குது." காரணம், அதன் தவிடு நீக்கப்படவில்லை. அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கும். அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியே இப்போது இப்படி: "முந்தின இரவே ஊற வையுங்கள், எட்டு மணி நேரமாவது வேண்டும். ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர், குக்கரில் ஏழெட்டு விசில்." ஊறிய தண்ணீர் ஊதா நிறமாகிவிடும், அது சாயம் இல்லை, தவிட்டின் இயற்கை நிறம், கொட்டிவிடாமல் அதிலேயே வேகவையுங்கள் என்பது அடுத்த வரி. காரைக்குடியிலிருந்து வழக்கமாக வாங்கும் ஓர் அக்கா சொன்னது இது. வெந்தபின் ஒட்டிக்கொள்ளும், தேங்காயும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புக்கு ஏற்றது, குழம்பு ஊற்றிச் சாப்பிட நினைத்தால் ஏமாறுவீர்கள் என்றும் எழுதியிருக்கிறோம். "எதற்கு ஆகாது" என்று எழுதினால் விற்பனை குறையும் என்று வீட்டில் ஒரே சண்டை. நான் எழுதத்தான் வேண்டும் என்று நின்றுவிட்டேன்.

சீரக சம்பாவுக்கு இந்த வரிசை உதவாது. அதற்கு அரை மணி ஊறினால் போதும், பிரச்சினை தண்ணீரில்தான். பழைய அரிசிக்கு ஒன்றரை டம்ளர், புது அரிசி என்றால் ஒன்றேகால். கொஞ்சம் மிஞ்சினாலும் பிரியாணி குழைந்துவிடும். எனவே அந்தப் பக்கம் அறுவடை மாதத்தைச் சொல்லித் தொடங்குகிறது. எல்லாப் பக்கத்துக்கும் நிறம், ஊறும் நேரம், தண்ணீர், விசில் என்று ஒரே கட்டம் போட்டு நிரப்பியிருந்தால் மறுபடியும் பழைய கதைதான். பச்சரிசியா புழுங்கலா என்பது மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும், ஏனென்றால் அது தெரியாமல் வாங்கியவர்கள்தான் அதிகம் திருப்பி அனுப்பினார்கள்.

சிவப்பு மூன்றில்தான் திணறினோம். பூங்காருக்கும் மாப்பிள்ளை சம்பாவுக்கும் எழுத முடிந்தது. காட்டுயானத்துக்கும் மாப்பிள்ளை சம்பாவுக்கும் கஞ்சியில் பெரிய வித்தியாசம் எங்கள் நாக்குக்குத் தெரியவில்லை. இல்லாததை எழுத மனமில்லை. "இரண்டும் கஞ்சிக்கு ஏறக்குறைய ஒன்றே, ஒன்று வைத்திருந்தால் இன்னொன்று தேவையில்லை" என்று இரு பக்கத்திலும் போட்டுவிட்டோம்.

"சர்க்கரை நோயைக் குணமாக்கும்" போன்ற வரிகள் எங்கும் இருக்காது. உணவுப் பொருளுக்கு அப்படிச் சொல்லக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. அந்த வரியும் பழைய பட்டியலோடு வந்ததுதான். அனுப்பும் செலவு, வண்டு வராமல் வைக்கும் முறை போன்ற பொதுவானவற்றைத் தனியாக ஒரே பக்கத்தில் வைத்துவிட்டோம்.

அந்தப் படத்தைப் பார்த்தும் நம்மிடமே வாங்கிய உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களும் உண்டு, சமைத்த பாத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியவர்களும் உண்டு. மனம் நிறைந்த நன்றி.

பக்கங்களை ஒன்றாக்கியதில் அரைக் கிலோ பாக்கெட் நின்றுவிட்டது, கிலோவுக்கு ஆறு ரூபாய் கூடியிருக்கிறது. அப்புறம், தூயமல்லி, கிச்சிலி சம்பா பக்கங்கள் இன்னும் பழைய வாசகத்தோடுதான் இருக்கின்றன. இரண்டையும் சமைத்துப் பார்த்து எழுத வேண்டும். அதுவரை அவற்றைப் பற்றிய சந்தேகத்தைப் போனிலேயே கேளுங்கள், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் எடுப்போம்.

அன்புடன்,
உங்கள் அரிசிக்கடைக்காரர்