மினோவர்களை எரிமலை ஒரே நாளில் விழுங்கவில்லை: வரலாற்றுக் காணொளி தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் வெண்கலக் காலத்தில் செழித்த மினோவ நாகரிகத்தைப் பற்றி நீங்கள் வெளியிடும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே காட்சியில் முடிகின்றன. தேரா எரிமலை வெடிக்கிறது, ஆழிப்பேரலை எழுகிறது, ஓவியம் தீட்டிய அரண்மனைகள் ஒரே இரவில் அழிகின்றன. கடல்கோள் என்றதும் நம் மனம் உடனே ஒப்புக்கொண்டுவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் கிரீட்டின் மண்ணடுக்குகள் வேறு வரிசையைக் காட்டுகின்றன. அதைச் சொல்லவே இந்த மடல்.

உங்கள் முடிவுக்காட்சியை நீங்களாகக் கற்பனை செய்யவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். ஸ்பைரிடான் மரினாடோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் 1939-இல் முன்வைத்த கருத்து அது. கிரீட்டுக்கு வடக்கே சுமார் 110 கி.மீ. தொலைவிலுள்ள தேரா, அதாவது இன்றைய சாண்டோரினி, வெடித்ததால்தான் மினோவர்கள் வீழ்ந்தார்கள் என்றார். 1967-இல் அவரே அந்தத் தீவின் அக்ரோதிரியில் தோண்டத் தொடங்கினார். பல மீட்டர் எரிமலைச் சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் மாடிவீடுகளும் சுவரோவியங்களும் கொண்ட ஒரு துறைமுக நகரம் வெளிப்பட்டது. அவருடைய கருத்துக்கு எதிரான வலுவான சான்றும் அங்கேயே கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சான்று பானை. மட்பாண்ட அலங்காரம் ஓரிரு தலைமுறைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு வீட்டுத் தரையில் கடைசியாகக் கிடக்கும் பானைகளே அந்த வீடு எப்போது அழிந்தது என்பதைச் சொல்லிவிடும். அக்ரோதிரியின் கடைசிப் பானைகளில் சுருள்களும் நாணல் புல்லும் உண்டு. கைகளை விரித்துப் பானை முழுவதும் படரும் ஆக்டோபஸ் இல்லை. கிரீட்டில் எரிந்துபோன கட்டடங்களின் தரையிலோ அந்த ஆக்டோபஸ் பானைகள் கிடக்கின்றன. அப்படியென்றால் எரிமலை வெடித்தபிறகு கிரீட்டின் குயவர்கள் உட்கார்ந்து ஒரு புதிய பாணியையே உருவாக்கியிருக்கிறார்கள். நீங்கள் முகப்புப் படமாக வைக்கும் அந்த ஆக்டோபஸ் குடுவை, உங்கள் கணக்கில் எல்லோரும் மாண்டபிறகு வனையப்பட்டது.

இதை ஒரே குழியில் பார்க்க வேண்டுமானால் கிரீட்டின் வடகிழக்குக் கரையிலுள்ள மொக்லோஸுக்குப் போக வேண்டும். அங்கே அடியில் பழைய கட்டடத்தின் எச்சம். அதன்மேல் மெல்லிய படலமாகத் தேராவின் சாம்பல். சாம்பலுக்கு மேலே புதிதாகக் கட்டிய வீடுகள், அவற்றினுள் அடுத்த தலைமுறைப் பானைகள். அந்த வீடுகளின் அழிவு அதற்கும் பிறகு வருகிறது. கீழிருந்து மேலாகப் படித்தால் வெடிப்பு, மறுகட்டுமானம், வாழ்வு, அழிவு என்ற வரிசை கிடைக்கிறது.

இடையில் எத்தனை ஆண்டு என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. சாம்பலில் புதைந்த ஒரு ஒலிவமரக் கிளையைக் கதிர்க்கரிம முறையில் ஆராய்ந்தவர்கள் வெடிப்பை கி.மு. 1627-க்கும் 1600-க்கும் இடையில் வைத்தார்கள். எகிப்தியப் பொருள்களோடு ஒப்பிட்டுக் கணிப்பவர்கள் கி.மு. 16-ஆம் நூற்றாண்டுக்கு இறக்குகிறார்கள். அரண்மனைகள் எரிந்தது கி.மு. 1450-ஐ ஒட்டி. எந்தக் கணக்கை எடுத்தாலும் குறைந்தது இரண்டு தலைமுறை இடைவெளி. திரையில் ஒற்றை ஆண்டைப் போடாதீர்கள்.

வெடிப்பால் சேதமே இல்லை என்று சொல்லவில்லை. வடகிழக்கில் பாலைகாஸ்ட்ரோவின் கரையில் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு வந்து போட்ட படிவு இருக்கிறது. ஆனால் இடிந்ததை எடுத்துக் கட்டுவது இவர்களுக்குப் பழக்கம். கி.மு. 1700-ஐ ஒட்டி முதல் அரண்மனைகள் அழிந்தபோதும் அதே இடத்தில் இன்னும் பெரிதாகக் கட்டினார்கள்.

அப்படிக் கட்டச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கடலைத்தான் காட்ட வேண்டும். வெண்கலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். கிரீட்டில் வெள்ளீயம் கிடையாது. சிரியாவின் மாரி நகரத்தில் கிடைத்த கி.மு. 18-ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடு ஒன்று, உகாரித் துறைமுகத்தில் கிரீட்காரர் ஒருவருக்கு வெள்ளீயம் கொடுத்ததைப் பதிந்திருக்கிறது. கூடவே மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு பங்கு! கிரீட்டின் ஹாகியா திரியாதாவில் 19 செம்புக் கட்டிகள் கிடைத்தன, மொத்தம் சுமார் 556 கிலோ. இத்தனையையும் வெண்கலமாக்க 60 கிலோவுக்கு மேல் வெள்ளீயம் வேண்டும். அதில் ஒவ்வொரு கிலோவும் கப்பலேறித்தான் வந்தாக வேண்டும். கிழக்குக் கோடியிலுள்ள சாக்ரோஸ் அரண்மனையின் இடிபாட்டுக்குள் செம்புக் கட்டிகளோடு யானைத் தந்தங்களும் இருந்தன.

இனி அந்தத் தீ. அது கண்மூடித்தனமாகப் பரவிய தீ அல்ல. தென்கரையில் மிர்ட்டோஸ் பைர்கோஸ் என்ற ஊரில் குன்றின்மேல் இருந்த பெரிய மாளிகை எரிந்தது, அதைச் சுற்றியிருந்த வீடுகள் எரியவில்லை. பாலைகாஸ்ட்ரோவில் நீர்யானைத் தந்தமும் பொன்னும் கொண்டு செய்த அரை மீட்டர் உயர ஆண் சிலையை உடைத்துச் சிதறடித்திருக்கிறார்கள். துண்டுகள் வெவ்வேறு இடங்களில், தீயில் கருகிக் கிடைத்தன. அலை இப்படித் தேர்ந்தெடுத்து அடிக்காது. பைஸ்டோஸ், மாலியா, சாக்ரோஸ் அரண்மனைகள் வீழ்ந்தபோது க்னோசஸ் அரண்மனை மட்டும் தொடர்ந்து இயங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதன்பிறகு க்னோசஸில் கணக்கு எழுதிய மொழியே மாறிவிட்டது. பழைய லீனியர் ஏ எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. புதிதாக வந்த லீனியர் பி எழுத்தை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார். அது கிரேக்கம். அதாவது கணக்குப்பிள்ளையின் எசமானர்கள் இப்போது கிரேக்கப் பெருநிலத்தின் மைசீனிய உலகைச் சேர்ந்தவர்கள். எகிப்திலும் ஒரு தடயம் உண்டு. எகிப்திய மன்னர் மூன்றாம் துட்மோஸின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் காணிக்கை கொண்டுவரும் தீவுக்காரர்களை முதலில் மினோவ இடையாடையோடு வரைந்து, பிறகு அதன்மேல் வேறு பாணி ஆடையைத் தீட்டியிருக்கிறார்கள். தீயை வைத்தது மைசீனியர்களா, ஆள்வோருக்கு எதிராக எழுந்த கிரீட்காரர்களேயா, இருவருமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. காணொளியில் மூன்றையும் சொல்லுங்கள்.

ஓவியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அடிக்கடி காட்டும் ‘அல்லி இளவரசன்’ முழுதாகக் கிடைத்த படமல்ல. 1900-இல் க்னோசஸைத் தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் ஓவியர்களை அமர்த்தி, சில துண்டுகளைச் சேர்த்து மீதியை வரையச் செய்தார். அந்தத் துண்டுகள் ஒரே உருவத்தைச் சேர்ந்தவையா என்றே ஐயம் இருக்கிறது. ‘புனரமைப்பு’ என்று படத்தின் கீழே சிறிய எழுத்தில் போட்டால் போதும்.

அலை வந்து மூடும் அந்தக் கடைசிக் காட்சிக்குப் பதிலாக க்னோசஸின் களிமண் ஏடுகளைக் காட்டலாம். புதிய எசமானர்களுக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் ஆடுகளை மந்தை மந்தையாகக் கணக்கெடுத்த ஏடுகள் அவை. சுடாத களிமண்ணில் எழுதியவை. பிற்பாடு க்னோசஸ் அரண்மனையும் எரிந்தபோது அந்தத் தீயில் வெந்து கெட்டியானதால்தான் நம் கைக்கு வந்தன.

இப்படிக்கு,
ஏஜியன் தொல்லியலைத் தொடர்ந்து படிக்கும் சிலர்