குற்றவியல் தாள்: புதிய பாடத்திட்டம்

நண்பர்களே, குற்றவியல் தாளின் திருத்திய பாடத்திட்டம் வந்துவிட்டது. ஐபிசிக்குப் பதில் இனி பாரதிய நியாய சன்ஹிதாதான். பாடங்கள் பெரும்பாலும் பழையவைதான், பிரிவு எண்கள்தான் நம்மை மாட்டிவிடும். கொலைக்குத் தண்டனை 302 அல்ல, 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. பழக்கதோஷத்தில் எழுதிவிட்டால் விடையே வேறு குற்றமாகிவிடும்.

அதற்காகப் பழைய நோட்ஸை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல்தான் அமல். ஜூன் 30 மாலை நடந்த திருட்டுக்கு ஜூலை 5இல் எஃப்ஐஆர் போட்டாலும் குற்றப்பிரிவு ஐபிசி 379தான். விசாரணை நடைமுறை மட்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்படி. ஆகவே சம்பவம் தந்து கேட்கும் கேள்விகளில் முதலில் தேதியைப் பாருங்கள்.

பழைய எண், புதிய எண் பட்டியலை இன்றிரவு இங்கேயே போடுகிறேன்.