சத்தமான திக்ரு: தடை எங்கே?

ஆசிரியருக்கு,

இறைவனை நினைவுகூரும் திக்ரை உரக்கச் செய்வதே தவறு என்று வந்த கடிதத்தைப் படித்தேன். அதில் காட்டிய குர்ஆன் 7:205 இறைவனை மனதுக்குள், உரத்த குரலின்றி நினைக்கச் சொல்கிறது, சரிதான். ஆனால் கெய்ரோவின் மார்க்க அறிஞர் சுயூத்தி (இறப்பு 1505) இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டார். அது மக்காவில் இறங்கிய வசனம். உரக்க ஓதினால் எதிரிகள் கேட்டு ஏசிய காலம் என்பது அவர் வாதம்.

நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபிகள். இமாம் அபூஹனீஃபா சத்தத்தை விரும்பவில்லை என்பார்கள். ஆனாலும் பிற்கால ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், சூஃபி அறிஞர் ஷஃரானியை எடுத்துக்காட்டி, பள்ளியில் கூடி திக்ரு செய்வது நல்லது என்கிறார். தூங்குபவர், தொழுபவர், ஓதுபவர் ஆகிய மூவருக்கும் இடைஞ்சல் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் இடிப்பது அங்கேதான். போன வியாழன் இஷாவுக்குப் பிந்திப் போய், விட்ட 2 ரக்அத்தைத் தொழுதுகொண்டிருந்தேன். அதற்குள் மைக்கில் 'லா இலாஹ இல்லல்லாஹ்' எழும்பிவிட்டது. மூன்றாவதா நான்காவதா என்று கணக்கே தவறிப்போய், குறைந்ததை வைத்துக்கொண்டு மறதி ஸஜ்தா செய்து முடித்தேன். நக்ஷ்பந்திகளைப் போல வாய்மூடிச் செய்யுங்கள் என்று எங்கள் காதிரி ஹல்காவிடம் நான் கேட்கவில்லை. பின்வரிசை சலாம் கொடுக்கும்வரை மைக்கைத் தொடாதீர்கள் என்கிறேன்.

ஒரு வாசகர்,
புதுநகரம், பாலக்காடு