சுபாவுக்கு, கொக்குவிலிலிருந்து

அன்புள்ள சுபா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய், உன் மாமியார் எப்போதும் போல இருப்பார். எழுதவில்லை என்று ஏசாதே, நீயும்தான் எழுதவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்ததும் அம்மாவுக்கு விறாந்தை கூட்டுகிற வேலை வந்துவிடுகிறது. அதுதான் எழுத்து.

நல்லூர் கொடியேறிவிட்டது. கொழும்புச் சித்தி பிள்ளைகளோடு வந்து நிற்கிறா. என் அறையில் மூன்று பேர் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பின்வாங்குக் கூட்டத்தில் மிச்சம் இருக்கிறது நான் மட்டும்தான் என்று காண்கிற ஆட்கள் எல்லாம் நினைவுபடுத்துகிறார்கள். சித்தி ஒரு சாதகக் கட்டோடுதான் வந்து இறங்கினா. நல்ல வேளை, செவ்வாய் ஒன்று குறுக்கே நிற்கிறது. என் வாழ்க்கையில் செவ்வாய் செய்த ஒரே நல்ல காரியம்.

சரி, விஷயம். மட்டக்களப்பான் கேட்டுவிட்டான். நான் பின்லாந்தில், ஊலுவிலிருந்து புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால், பொதுச் சமையலறையில், பருப்பைக் கிண்டிக்கொண்டே. "வீட்டில பேசச் சொல்லட்டா?" கரண்டியைக் கீழே வைக்கவும் இல்லை. நான் ஊருக்குப் போய் வந்து சொல்கிறேன் என்றேன். நீ உடனே கெமிஸ்ட்ரி ரியூசன் கதையை எடுப்பாய். எடுக்காதே, இது வேறு.

இது ஆறு மாதத்துக்கு முந்தி கேட்டிருந்தால் அந்தக் கணமே ஓம் சொல்லியிருப்பேன். அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

ஊலுவில் டிசம்பர் எப்படி என்று உனக்குச் சொன்னேனா? காலை பத்தரைக்கு விடியும், பின்னேரம் இரண்டுக்குக் கொஞ்சம் பிந்திப் பொழுது பட்டுவிடும். உன் ரொறன்ரோக் குளிரைப் பற்றி இனி என்னிடம் முறையிடாதே. ஆனால் இருட்டைவிட மோசம் மணித்தியால வித்தியாசம். மாரியில் அங்கே இரவு ஏழு மணி என்றால் இங்கே பத்தரை. அம்மா படுத்துவிடுவா. நான் லாப் முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது எனக்குத் தெரிந்த ஊர் முழுக்கத் தூங்குகிறது. அங்கிருந்து நித்திரை வரும் வரை நாலைந்து மணித்தியாலம், தமிழில் ஒரு சொல் கேட்க ஆளில்லை. அந்த நாலைந்து மணித்தியாலத்துக்குள்தான் இவன் வந்தான். ஒரே சமையலறை, ஒரே அரிசிப் பானை, "என்ன கா, சாப்பிடல்லயா?" என்று ஒரு குரல். ஐஸில் வழுக்கி விழுந்து கை வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். நல்லவன் சுபா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி அவனைப் பற்றியது இல்லை, எனக்கு வேண்டியது அவனா, அந்தக் குரலா என்பதுதான்.

பெப்ரவரியில் நிலைமை முற்றிவிட்டது. அவன் மெசேஜுக்குப் பதில் போடப் பிந்தினால் என்னால் படிக்க முடியாது. பதில் வந்தால் பறப்பேன். வராவிட்டால், கடைசியாக நான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்து என்ன பிழை என்று தேடுவேன். யூனிவர்சிட்டியில் மாணவர்களோடு கதைக்க ஓர் ஆலோசகர் இருக்கிறா. நித்திரை வரவில்லை என்று சொல்லித்தான் அவவிடம் போனேன், கதை தானாக இங்கே வந்து நின்றது. டொரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த நிலையை நிறையப் பேரிடம் கேட்டு ஆராய்ந்து, லிமரன்ஸ் என்று பெயர் வைத்து, 1979இல் ஒரு புத்தகமும் எழுதினார் என்று அவ சொன்னா. அதற்குத் தீனி இரண்டு: நம்பிக்கை கொஞ்சம், நிச்சயமின்மை கொஞ்சம். இரண்டும் சேர்ந்திருக்கும் வரை எரியும். ஒரேயடியாக ஓம் என்றாலோ இல்லை என்றாலோ அடங்கத் தொடங்கும். அதனால் உணர்ச்சியின் வேகத்தை வைத்து ஆளின் பெறுமதியை அளக்காதே என்றா. எனக்கு அது சுட்டது. நான் அதை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

அவ ஒரு வேலை தந்தா. அவனுக்கு எழுத வேண்டும் என்று மனம் உந்துகிற ஒவ்வொரு தரமும் என்ன நேரம், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் குறிக்க வேண்டும். எழுதுவதும் எழுதாததும் என் இஷ்டம். குறித்தேன். கொஞ்ச நாளில் கொப்பியைத் திறந்து பார்த்தால் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. அம்மாவோடு கதைத்து போனை வைத்த உடனே ஒரு குவியல். ஞாயிறு பின்னேரம் ஒரு குவியல். சுப்பவைசர் என் அத்தியாயத்தைச் சிவப்பாக்கி அனுப்பிய அன்று பக்கம் நிறைய. நேபாளப் பெட்டைகளோடு பட்மின்டன் ஆடி வியர்த்து வந்த நாட்களில் ஒன்றுகூட இல்லாத பக்கங்கள். அவன் என்ன செய்தான், என்ன சொன்னான் என்பதற்கும் என் ஏக்கத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. அது மணிக்கூட்டைப் பார்த்து வந்தது.

இன்னொன்றும் சொன்னா. ராபர்ட் வைஸ் என்று ஒருவர் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நெருக்கமான ஓர் ஆள் இல்லாத தனிமை ஒன்று, நம்மைத் தெரிந்த ஒரு கூட்டம் இல்லாத தனிமை மற்றது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குச் சரிவராது. வீடு நிறையச் சனம் இருந்தும் ஒருத்தி தனியாக இருக்கலாம், அன்பான புருஷன் பக்கத்தில் இருந்தும் புது ஊரில் வாடலாம். (உன் முதல் வருஷத்துக் கடிதங்கள் நினைவிருக்கிறதா? நீ பாவம் மதனைப் போட்டு வறுத்தெடுத்தாய்.) எனக்கு அங்கே இல்லாதது பெரும்பாலும் இரண்டாவது. சந்திக் கடையில் "நீ இன்னாற்ற மகள் எல்லே" என்று கேட்கிற கிழவர், பஸ்ஸில் இடம் பிடித்துத் தருகிற ஆள், மதிலுக்கு மேலால் கறி தருகிற மாமி, இவ்வளவு பேரும் செய்கிற வேலையை நான் ஒரு பெடியனின் தலையில் ஏற்றிவிட்டிருந்தேன்.

இதில் உனக்கு மட்டும் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அவன், கலியாணத்துக்குப் பிறகு பிஎச்டி எல்லாம் எதற்கு என்றான். நான் சிரித்தேன். நான், சுபா! அப்பாவோடு இரண்டு மாதம் கதைக்காமல் இருந்து பின்லாந்துக்குப் போனவள், சிரித்துவிட்டு அப்பளம் பொரித்தேன். இரவு படுக்கையில் யோசித்தேன், ஏன் மறுத்துச் சொல்லவில்லை? அவன் கோபிப்பான் என்றல்ல. நாளை பின்னேரம் சமையலறையில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்றுதான். அதன் பிறகு கவனித்தேன், அவனுக்கு முன்னால் நான் விழுங்குகிற சொற்கள் நிறைய. அந்த நேபாளக்காரி சம்ஜனாவோடு நான் வாரத்துக்கு ஒரு சண்டை பிடிக்கிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அவளுக்கு எதில் பயம், அக்காவோடு ஏன் கதைப்பதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். இவனைப் பற்றி எழுதிப் பார்த்தேன். எத்தனை மணிக்கு ஒன்லைன் வருவான் என்பதற்கு மேல் அதிகம் போகவில்லை.

பிறகு இங்கே வந்தேன். இதுதான் சரியான பரீட்சை என்று நினைத்தேன். முதல் கிழமை அவன் நினைவு வரவே இல்லை. சித்தியின் பிள்ளைகள், கோயில், கச்சான் கடை, ஐஸ்கிரீம். "ஆகா, முடிந்தது கதை" என்று ஒருவித ஆறுதல்கூட. ஆனால் அப்படிச் சொல்லவும் முடியாது. இங்கே கூட்டம் என்னை நிரப்புகிறது, அந்த இடத்தில் நின்றவன் மறைகிறான், அவ்வளவுதான். அவனுக்கென்று வேறு இடம் ஏதும் இருக்கிறதா என்று இது சொல்லாது.

பிறகு ஒரு நாள் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது மீனுக்குக் களங்கண்டி வலை கட்டியிருப்பதைக் கண்டேன். அவனுடைய தாத்தா, பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கச் செய்தாராம். நான் நம்பாமல் கேலி செய்தேன். பஸ்ஸில் இருந்து அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்தது: உங்கள் வாவியிலும் இப்படி வலை கட்டுவார்களா? இது பசித்த நேரத்து நினைவு இல்லை. வேறு ஒருவரிடமும் கேட்க முடியாத கேள்வி. "சாப்பிட்டாயா" என்று யார் கேட்டாலும் எனக்குப் போதும், இது அவன்தான் சொல்ல வேண்டும். அப்படி வந்தது இன்னும் ஒன்றோ இரண்டோதான். ஆனால் வந்தது.

அதனால் போன கிழமை அவனுக்கு எழுதினேன், விழுங்கியதை எல்லாம். பிஎச்டி செய்வேன், வீட்டில் இப்போது பேச வேண்டாம், போன மாரியில் உன்னைக் கண்டு எனக்கு வந்தது எவ்வளவு உன்னால், எவ்வளவு இருட்டால் என்று எனக்கே தெரியாது என்று. இரண்டு நாள் பதில் இல்லை. நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நீளமாக எழுதியிருந்தான். கோபம் இருந்தது, பிஎச்டி பற்றி நேரில் சண்டை பிடிக்கலாம் என்றிருந்தது. கடைசியில், "எனக்கும் அங்க ஆரிருக்கா கா, நானும் யோசிக்கத்தான் வேணும்" என்று. அவன் எழுதியதில் எனக்குப் பிடித்த முதல் வரி அதுதான்.

இப்போதைக்கு ஒப்பந்தம் இது. திரும்பிப் போனதும் தினமும் சேர்ந்து சமைப்பதில்லை, கிழமைக்கு இரண்டு தரம் போதும். அதிலும் ஒன்று மற்ற ஆட்களோடு. நான் பட்மின்டனை விடுவதில்லை, தமிழ் ஆட்கள் கூடுகிற இடத்துக்கும் போவேன். அவனும் அவன் ஆட்களைத் தேடட்டும். நவம்பரில் இருட்டு தொடங்கும்போது எனக்கு வேறு பத்துப் பேர் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவனோடுதான் சண்டை பிடிக்க விருப்பமாக இருந்தால், வீட்டில் நானே சொல்வேன்.

வீட்டில் சொல்வது வேறு கூத்து. பெயர் சொல்லாமல் ஒருத்தன் இருக்கிறான் என்று அம்மாவிடம் மெல்ல எடுத்தேன். முதல் கேள்வி, "எந்த இடம்?" அந்தக் கேள்விக்குள் என்னென்ன கேள்வி இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு என்றேன். அம்மா முருங்கைக்காயை வெட்டிக்கொண்டே இருந்தா, ஆனால் துண்டுகள் சின்னதாகிவிட்டன. அதற்குப் பயந்து அவனை விடுவதும் பிழை, அம்மாவுக்குச் சவால் விடவென்றே கட்டுவதும் பிழை. எனக்கு இரண்டாவதுக்குத்தான் கை துருதுருக்கிறது, உனக்குத் தெரியும் என்னை.

தேர் முடிந்ததும் கிளம்புகிறேன். உன் மாமியாருக்கு ஒடியல் மாவும் பினாட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டு அண்ணா புரட்டாசியில் கனடா வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். உன் அம்மாவிடம் இதில் ஒரு சொல் சொல்லாதே. சொன்னால் இந்தக் கடிதம் உனக்கு வருவதற்கு முந்தி கதை கொக்குவிலுக்குத் திரும்பி வந்துவிடும். மதனை நான் கேட்டதாகச் சொல். நீ அந்த முதல் வருஷத்தை எப்படிக் கடந்தாய் என்று ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை, அதை மட்டும் நீளமாக எழுது.

உன்,
வாசுகி