பலெர்மோவிலிருந்து அப்பாவுக்கு: அச்சு விழாத பயணச்சீட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "காசு கொடுத்து வாங்கிய சீட்டுக்கு ஏன் தண்டப்பணம் கட்டினாய்?" என்று கேட்டீர்கள். கோடைகாலத்தில் நீங்களும் அம்மாவும் இங்கே வரும்போது அதே புகையிரதத்தில்தான் பயணம் செய்யப் போகிறீர்கள் என்பதால், அதை முழுமையாக எழுதிவிடுவது நல்லது.

1990இல் வண்டி நின்றுபோகும் வரை கொடிகாமம் நிலையத்தில் நீங்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். மட்டைச் சீட்டை எடுத்து, திகதி அடிக்கும் இயந்திரத்தில் ஒருமுறை இழுத்த பிறகே பயணியின் கையில் கொடுப்பீர்கள். அந்த அச்சு விழாத மட்டை வெறும் மட்டைதான் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இத்தாலியில் மாகாண வண்டிகளுக்கு வாங்கும் காகிதச் சீட்டில், நீங்கள் செய்த அந்த வேலையைப் பயணியே செய்ய வேண்டும். அதற்காகத்தான் மேடையிலும் மேடைக்குப் போகும் வழியிலும் சிறிய பெட்டிகளைச் சுவரிலோ தூணிலோ பொருத்தி வைத்திருக்கிறார்கள். சீட்டைப் பெட்டியின் வாயில் நுழைத்து இடது பக்கமாகக் கடைசி வரை தள்ளினால், 'டர்ர்' என்ற சத்தத்துடன் நிலையத்தின் அடையாளமும் திகதியும் நேரமும் சீட்டின் ஓரத்தில் பதியும். இதை இங்கே 'கொன்வாலிதா' என்கிறார்கள்.

சீட்டில்தான் பயணத் திகதி ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னோர் அச்சு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாகாண வண்டிச் சீட்டில் இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை என்றும், எந்த நாளுக்கு என்றும் மட்டுமே இருக்கும். எந்த வண்டி, எத்தனை மணி என்பது இராது. அந்த நாள் நள்ளிரவுக்குள் ஓடும் எந்த மாகாண வண்டியிலும் அதைக் கொண்டு ஏறலாம். இங்குள்ள பெரும்பாலான நிலையங்களில் சீட்டைப் பார்த்து உள்ளே விடும் வாயிற்காவலும் கிடையாது. வண்டிக்குள் பரிசோதகர் எல்லா நாளும் எல்லாப் பெட்டிக்கும் வருவதும் இல்லை. அப்படியானால் அச்சு இல்லாத ஒரு சீட்டைக் கொண்டு ஒருவர் காலையில் போய், பரிசோதகர் வராவிட்டால் மாலையில் அதே சீட்டில் மறுபடியும் போகலாம். 2016 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பு இந்தச் சீட்டுகள் வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதங்கள் செல்லுபடியாயின என்பதை அறிந்தபோது, சீட்டின் ஓரத்தில் விழும் அந்த அச்சு ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது என்பது எனக்கு விளங்கியது. பயணம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அச்சு விழுந்த நேரத்திலிருந்து 4 மணித்தியாலம் சீட்டு செல்லும். காலை 9.10க்குப் பதித்தால் பிற்பகல் 1.10 வரை. அதற்குள் இடையில் தெர்மினி இமெரேசேயில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, அடுத்த மாகாண வண்டியில் அதே திசையில் தொடரலாம். மறுபடி பதிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சீட்டில் திரும்பி வர முடியாது.

இனி எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அன்று மூவரும் பலெர்மோவிலிருந்து சேஃபலூ கடற்கரைக்குப் போனோம். ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். காலையிலேயே போகவும் வரவும் சீட்டுகளை ஒன்றாக வாங்கி, போகும் சீட்டை மட்டும் பலெர்மோவில் பதித்தேன். மாலையில் சேஃபலூ நிலையத்துக்கு வந்தபோது வண்டி மேடையில் நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினோம். திரும்பும் சீட்டு என் சட்டைப் பையில் அச்சில்லாமல் இருந்தது. காலையில் ஒன்றைப் பதித்ததால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் மனதில் இருந்தது, அதுதான் பிழை. போவது ஒரு சீட்டு, வருவது வேறொரு சீட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் புறப்படும் நிலையத்தில் தனி அச்சு வேண்டும். 'கப்போத்ரேனோ' எனப்படும் வண்டிப் பொறுப்பாளர் சீட்டை வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். திகதி இன்றையது என்று காட்டினேன். "இது இன்று வாங்கியது என்பதற்குச் சாட்சி, இந்த வண்டிக்கு என்பதற்குச் சாட்சி இல்லை" என்றார். சீட்டின் விலையைப் போலப் பல மடங்கு தண்டம் கட்டினேன். அவர் கடுமையாகப் பேசவில்லை. நாங்கள் ஏறியவுடனே, அவர் கேட்பதற்கு முன்பே, நாங்களாகத் தேடிப் போய்ச் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு பகேரியா நிலையத்தில் சீட்டைத் தள்ளினேன்; சத்தம் வந்தது, ஆனால் மை விழவில்லை. சத்தம் கேட்டால் போதும் என்று நம்பி நடந்துவிடக் கூடாது அப்பா. சீட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, எண்களை வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வாசிக்க முடியாத மங்கல் அச்சைப் பரிசோதகர் அச்சாக எடுத்துக்கொள்ளாமல் விடக்கூடும். அடுத்த பெட்டியும் வேலை செய்யாததால், நீல மைப் பேனையால் நிலையத்தின் பெயர், திகதி, நேரம் மூன்றையும் சீட்டில் எழுதிக்கொண்டு, வண்டி வந்ததும் இருக்கையில் அமராமல் நேரே பொறுப்பாளரிடம் போனேன். அவர் பார்த்து, தன் கையொப்பத்தை இட்டுத் தந்தார். பேனையால் எழுதிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அதுவும் அச்சில்லாத சீட்டாகவே கருதப்பட்டிருக்கலாம்.

உங்களுக்குக் குழப்பம் வரக்கூடிய ஓர் இடம் உண்டு. ரோமாபுரிக்குப் போகும் தூர வண்டிகளின் சீட்டில் வண்டி இலக்கமும் இருக்கை இலக்கமும் நேரமும் அச்சிட்டே வரும். அவற்றைப் பதிக்க வேண்டியதில்லை. சீட்டு ஏற்கெனவே ஒரே ஒரு வண்டியோடு கட்டுப்பட்டிருக்கிறது. இருக்கை இலக்கம் இல்லாத காகிதச் சீட்டு கையில் வந்தால் அச்சுப் பதிக்கும் பெட்டியைத் தேடுங்கள். அம்மாவின் சீட்டு தனியாக இருந்தால் அதையும் தனியாகப் பதியுங்கள். உங்களுடையதைப் பதித்தது அவருக்குப் போதாது.

இத்துடன் பகேரியாவில் எழுதிய சீட்டையும், மற்றொரு நாள் ஒழுங்காகப் பதித்த சீட்டையும் வைத்திருக்கிறேன். இரண்டாவதன் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகளை உங்கள் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நிமிடம் வரை தெரியும். கொடிகாமத்தில் நீங்கள் அடித்த திகதியை விட இது தெளிவாக இருக்கிறதா என்று அடுத்த ஞாயிறு சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகன்