வற்றிய பால் திரும்புமா?

அன்புள்ள சரசு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் எத்தனை சந்தோஷமோ, மருமகள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் படித்து அத்தனை கலக்கம். தையல் ஆறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், நிம்மதி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் கோவைக்கே மாற்றல் வாங்கிவிட்டான். மற்றதெல்லாம் நேரில் பேசுவோம்.

மருமகளுக்கு வற்றிப்போன தாய்ப்பால் திரும்புமா என்று கேட்டிருந்தாயே, இப்போது அதற்கு வருகிறேன். திரும்பும். குழந்தைக்கு ஒன்றரை மாதம்தான் ஆகிறது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது சுலபம். பால் சுரப்பது குழந்தை சப்புவதால்தான். சப்பினால் மூளையிலிருந்து பாலை உண்டாக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சுரக்கிறது, அது இரவில் அதிகம். மார்பில் பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு குறைந்துகொண்டே போகும். ஆகவே 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் ஒரு முறையாவது, குழந்தையை மார்பில் போட வேண்டும். சம்பந்தியம்மா தரும் பூண்டுக் கஞ்சியும் சுறாப்புட்டும் தாய்க்கு நல்ல சாப்பாடுதான், கொடுக்கட்டும். ஆனால் சப்பாத மார்பில் அவை பாலைக் கொண்டுவராது.

வெறும் மார்பைக் குழந்தை எத்தனை நேரம் சப்பும்? ஒன்றும் வரவில்லையென்றால் வீறிட்டு அழும், தாய் மனம் உடைந்துபோவாள். அதற்கு எங்கள் வார்டில் செய்ததைச் சொல்கிறேன். மெல்லிய ஃபீடிங் டியூப், 5 அல்லது 6ஆம் நம்பர், மருந்துக்கடையில் கிடைக்கும். அதன் நுனி காம்புக்குச் சற்று முன்னால் நீட்டியிருக்கும்படி பிளாஸ்டரால் ஒட்டி, மறுமுனையைப் பவுடர் பால் இருக்கும் கிண்ணத்தில் போட்டுவிடு. குழந்தை காம்போடு டியூபையும் சேர்த்துச் சப்பும்போது பால் வரும், மார்பும் தூண்டப்படும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் மெதுவாக வரும். ஒரு வேளைப் பால் முடிய அரை மணி நேரம் ஆகும்படி உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். டியூபையும் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமி நீக்க வேண்டும். முதல் சில முறை பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்து காட்டினால் நல்லது. மார்பை ஏற்க மறுத்தால் பசியில் அழும்போது வற்புறுத்தாதே. அரைத்தூக்கத்தில், வெற்று மார்பின் மேல் போட்டுப் பார். டியூப் இல்லாத வேளைக்குச் சங்கு போதும். பாட்டிலும் சூப்பானும் வேண்டாம்.

முதல் வாரத்தில் பிழிந்து பார்த்து "ஒரு சொட்டுதான்" என்று அழுவாள். பிழிந்து வருவதை வைத்து அளக்க விடாதே. சிலருக்கு சில நாளில் வரும், சிலருக்கு இரண்டு, மூன்று வாரம், அதற்கு மேலும் ஆகும். மார்பு சற்றுக் கனப்பது, குழந்தை விழுங்கும் சத்தம் கேட்பது, மலம் இளகுவது, கிண்ணத்தில் பால் மிஞ்சுவது, இவைதான் அடையாளம்.

அதுவரை பவுடர் பாலைக் குறைக்காதே. தண்ணீர் கூட்டிக் கலக்கவும் கூடாது. குழந்தை 4 கிலோ என்றால் நாளைக்கு ஏறத்தாழ 600 மில்லி, எட்டு வேளைக்கு 75 மில்லி வீதம். அடையாளங்கள் தெரிந்த பிறகு ஒரு நாளின் மொத்தப் பவுடர் பாலில் 50 மில்லி மட்டும் குறை. ஐந்து வேளையில் பத்துப் பத்து மில்லி. சில நாள் அப்படியே வைத்துப் பார்த்து, சரியென்றால் அடுத்த 50. சிறுநீர் நாளைக்கு ஆறு முறையாவது போக வேண்டும், எடை வாரத்துக்கு 125 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் குறைத்ததைத் திரும்பக் கூட்டிவிடு. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பால் சுரப்பைக் கூட்டத் தரும் டாம்பெரிடோன் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். கடையில் நீயாக வாங்காதே. இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடிய மருந்து அது, அவள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். சப்பாமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனும் இல்லை.

ஒன்றை அவளிடம் இப்போதே சொல்லிவிடு. சிலருக்கு முழுப்பாலும் திரும்பும், சிலருக்குப் பாதிதான். பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால் என்று நின்றாலும் அந்தப் பாதி குழந்தைக்கு நல்லதுதான். இரவு அவள் எழுந்து கொடுக்கும்போது பகலில் அவளுக்குத் தூக்கம் வேண்டும். சமையலும் துணியும் உன் பொறுப்பு. "இன்னும் வரலையா?" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது, உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை.

திங்கட்கிழமை எடை பார்த்ததும் எனக்குப் போன் பண்ணு, அடுத்து எவ்வளவு குறைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மல்லிகா