பொருள்: தங்கள் வீட்டு மருத்துவப் பெட்டியிலுள்ள பல்ஸ் ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு

ஐயா,

இளைப்பு நோயுள்ள என் தாயாருக்காகத் தங்கள் நிறுவனத்தின் வீட்டு மருத்துவப் பெட்டியை வாங்கினேன். பழகிய பெயர், மருந்துக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டிய பெட்டி. ஆனால் அதிலுள்ள ஆக்சிமீட்டரை நம்பி ஒரு நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக இருந்த அன்று கருவி ஆக்சிஜன் 98 என்றும் நாடித்துடிப்பு 76 என்றும் காட்டியது. மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன், துடிப்பு 104. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த கருவி ஆக்சிஜன் 91 என்றது. அதே கட்டிலில், மறு கையின் விரலில், தங்கள் கருவி அப்போதும் 98 என்றே காட்டியது.

தங்கள் உதவி மையத்தில் பேசியவர், விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ இப்படி ஆகும் என்றார். பொதுவாக அது உண்மைதான். ஆனால் அம்மா நகப்பூச்சோ மருதாணியோ இட்டுக்கொள்வதில்லை. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் மடியில் வைத்துத்தான் பார்த்தோம். மேலும், குளிர்ந்த விரலில் எண் தடுமாறும் அல்லது வராமலே போகும். இங்கே நடந்தது வேறு. விரலை எடுத்துவிட்டு ஒரு பென்சிலை வைத்தேன். அதற்கும் 98, 76. நல்ல கருவியே சில சமயம் பென்சிலுக்கு ஏதாவது ஓர் எண் காட்டிவிடும் என்பதால் அதை மட்டும் வைத்து நான் குற்றம் சொல்லவில்லை. காய்ச்சல்கார விரலுக்கும் பென்சிலுக்கும் ஒரே எண் வருவதைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்திலிருந்துதான் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. துடிப்பையே பிடிக்காத கருவி காட்டும் ஆக்சிஜன் எண்ணுக்கு என்ன மதிப்பு? இரண்டு மூன்று புள்ளிகள் முன்பின்னாக இருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இவ்வகைக் கருவிகளுக்கு அது ஏற்கப்பட்ட பிழைதான். 91 இருக்குமிடத்தில் 98 காட்டுவது, மருத்துவமனைக்குப் போகவேண்டிய நோயாளியை வீட்டிலேயே படுக்க வைத்துவிடும்.

தெர்மாமீட்டரும் இதே ரகம். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மருத்துவமனைக் கருவியோடு ஒத்துப்பார்த்து வைத்திருக்கும் என் பழைய தெர்மாமீட்டரையும் தங்களுடையதையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, முனைகள் ஒன்றாக முழுகும்படி பிடித்தேன். பழையது 101.4 பாரன்ஹீட், தங்களுடையது 99.9. நீரைக் கலக்கிவிட்டு மீண்டும் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே இடைவெளி. பேட்டரி தீர்ந்ததற்கான அடையாளம் திரையில் இல்லை. பெட்டியின் மேல் "0.2 பாகைக்குள் துல்லியம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

காஸ் துணி உறையில் கிருமிநீக்கம் செய்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை, பிளாஸ்திரி தோலில் ஒட்டவே இல்லை. அவற்றைக் கடையில் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அதிகம் பேசவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஆக்சிமீட்டரின் அடியில் ஒட்டியிருந்த தங்கள் பெயர்ச் சீட்டை உரித்தபோது உள்ளே வேறொரு பெயர் இருந்தது. பெட்டியிலோ "சந்தைப்படுத்துபவர்" என்று தங்கள் முகவரி மட்டும்தான். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இல்லை, உரிம எண் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி இவை மேலுறையில் இருந்தாக வேண்டும்; இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதி உரிம எண்ணும் வேண்டும். கருவியைச் செய்தவர் யாரென்றே சொல்லாதபோது, தங்கள் பெயரை நம்பி வாங்குகிறவர் எதை நம்புகிறார்?

எனவே, பெட்டியின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டு கருவிகளின் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், துல்லியச் சோதனை அறிக்கை ஆகியவற்றை எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தி, கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடுவேன்.

ஆக்சிமீட்டர் பென்சிலுக்கு எண் காட்டும் காணொளியையும் பில்லின் நகலையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்துள்ளேன். கருவிகளைக் கூரியரில் அனுப்பச் சொன்னார் தங்கள் ஊழியர், அனுப்பப்போவதில்லை. ஆளை அனுப்புங்கள், அவர் முன்னிலையில் மறுபடி சோதித்துக் காட்டி, கையெழுத்திட்ட ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தஞ்சாவூர்